ஒரே ஆண்டில் இரண்டு வீடு: ஆபீஸ் வரிப் படிவத்தில் வாடகையை ஏற்றிய அனுபவம்

2024 செப்டம்பர் முடிவில் எங்கள் கம்பெனி என்னைக் கோயம்புத்தூர் கிளையிலிருந்து சென்னைக்கு மாற்றியது. அந்த நிதியாண்டின் வருமான வரிக் கணக்கில் எனக்கு இரண்டு வாடகை வீடு, இரண்டு ஓனர், நடுவில் வாடகையே கொடுக்காத ஒரு மாதம். ஆபீஸின் ஆன்லைன் படிவத்தில் இதை எப்படி ஏற்றினேன், எங்கெங்கே சிக்கியது, எப்படி அவிழ்ந்தது என்பதை எழுதி வைக்கிறேன். ஆண்டின் நடுவே வீடு மாறுகிற எல்லாருக்கும் இதே கேள்விகள்தான் வரும்.

முதலில் என் சம்பளத்தைச் சொல்லிவிடுகிறேன். பேசிக் மாதம் 40,000, வீட்டு வாடகைக்கான ஹெச்ஆர்ஏ 20,000, மற்ற அலவன்ஸ் 25,000. ஆண்டுக்கு மொத்தம் 10,20,000 ரூபாய். டிஏ கிடையாது. கோவையில் வாடகை 12,000. சென்னை வேளச்சேரியில் 22,000.

படிவம் இரண்டு தடவை நம்மிடம் வரும். ஏப்ரலில் வருவது உத்தேசக் கணக்கு. "இந்த வருடம் இவ்வளவு வாடகை கொடுப்பேன், இவ்வளவு சேமிப்பேன்" என்று எழுதினால் போதும், ரசீது கேட்க மாட்டார்கள். அதை வைத்துத்தான் மாதாமாதம் சம்பளத்தில் வரியை டிடிஎஸ் என்று பிடிப்பார்கள். ஜனவரியில் வருவது ஆதாரக் கணக்கு. அப்போது எழுதிய ஒவ்வொரு தொகைக்கும் ரசீது ஏற்ற வேண்டும். ரசீது இல்லாத தொகையை எடுத்துவிட்டு வரியைப் புதிதாகப் போடுவார்கள். அதுவரை குறைவாகப் பிடித்த வரி முழுவதும் பிப்ரவரி, மார்ச் சம்பளத்திலிருந்து போகும். ஏப்ரலில் செய்யவேண்டிய இன்னொன்று, பழைய முறையா புதிய முறையா என்று தேர்ந்தெடுப்பது. எதையும் தொடாமல் விட்டால் புதிய முறைதான். அதில் ஹெச்ஆர்ஏ விலக்கு கிடையாது, சேமிப்புக்கான 80சி, மருத்துவக் காப்பீட்டுக்கான 80டி கழிவுகளும் கிடையாது. நான் பழைய முறையைத் தேர்ந்தெடுத்து, கோவை வாடகையை ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரே வரியாக எழுதியிருந்தேன்.

வீடு மாறியதும் அந்த வரியைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டியிருந்தது. எங்கள் படிவத்தில் வாடகைப் பகுதியின் ஒவ்வொரு வரிக்கும் From, To என்று இரண்டு தேதி, மாத வாடகை, வீட்டு விலாசம், மெட்ரோ ஊரா இல்லையா, ஓனர் பெயர், ஓனர் பான் என்று கட்டங்கள் இருந்தன. பழைய வரியின் To தேதியை 30 செப்டம்பர் என்று மாற்றி முடித்துவிட்டுத்தான் புது வரி போடவேண்டும். பழையதில் மார்ச் 31 என்றே இருந்தால் இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதங்களில் வாடகை கொடுப்பதாகக் காட்டும். சில மென்பொருள் புது வரியை ஏற்காது. சிலது ஏற்றுக்கொள்ளும், ஆனால் ஜனவரியில் சரிபார்க்கிறவர் இரண்டையும் திருப்பி அனுப்புவார்.

அக்டோபர் மாதம் நான் அக்கா வீட்டில் இருந்தேன், வாடகை கொடுக்கவில்லை. நவம்பர் 1 முதல்தான் வேளச்சேரி வீடு. பக்கத்து சீட் நண்பர் ஒருவர், "மொத்த வாடகையைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து ஒரே வரியாகப் போட்டுடுங்க, ஈஸி" என்றார். அப்படிப் போட்டால் நஷ்டம் நமக்குத்தான். ஏன் என்று தெரிய ஹெச்ஆர்ஏ விலக்கு எப்படிப் போடப்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

மூன்று தொகையில் எது குறைவோ அதற்குத்தான் விலக்கு. ஒன்று, கைக்கு வந்த ஹெச்ஆர்ஏ. இரண்டு, கொடுத்த வாடகையிலிருந்து பேசிக் சம்பளத்தின் 10 சதவீதத்தைக் கழித்த மீதி. மூன்று, பேசிக்கில் 50 சதவீதம் அல்லது 40 சதவீதம். அந்த ஆண்டின் விதிப்படி வீடு சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தாவில் இருந்தால் 50, மற்ற ஊர் எதுவானாலும் 40.

கோவையில் ஒரு மாதத்துக்கு: ஹெச்ஆர்ஏ 20,000. வாடகை 12,000-இல் 4,000 கழித்தால் 8,000. பேசிக்கில் 40 சதவீதம் 16,000. குறைவானது 8,000. ஆறு மாதத்துக்கு 48,000. வேளச்சேரியில்: ஹெச்ஆர்ஏ 20,000. வாடகை 22,000-இல் 4,000 போக 18,000. பேசிக்கில் 50 சதவீதம் 20,000. குறைவானது 18,000. நவம்பர் முதல் மார்ச் வரை ஐந்து மாதத்துக்கு 90,000. அக்டோபருக்கு வாடகை இல்லை, விலக்கும் இல்லை. ஆக மொத்தம் 1,38,000 ரூபாய்.

இதையே நண்பர் சொன்னபடி சராசரியாகப் போட்டுப் பாருங்கள். ஆண்டு வாடகை 72,000-உம் 1,10,000-உம் சேர்த்து 1,82,000. இதில் ஆண்டு பேசிக் 4,80,000-இன் 10 சதவீதமான 48,000-ஐக் கழித்தால் 1,34,000 வருகிறது. நான்காயிரம் குறைவு. வாடகையே கொடுக்காத அக்டோபருக்கும் சேர்த்து அந்த 10 சதவீதம் கழிக்கப்பட்டதுதான் காரணம். விதி, வாடகை வீட்டில் குடியிருந்த காலத்துக்குத்தான் கணக்குப் போடச் சொல்கிறது. அதனால் அக்டோபரை வெற்றாக விட்டு, இரண்டு வரியாக எழுதுவதே சரி. அக்டோபரையும் சேர்த்து 22,000 என்று எழுதிவிட்டால் என்ன என்று கேட்கிறவர்களும் உண்டு. கொடுக்காத வாடகையை எழுதுவது பொய்க் கணக்கு. நவம்பர் 1 என்று தேதியிட்ட ஒப்பந்தமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மெட்ரோ கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஆபீஸ் இருக்கும் ஊரைக் கேட்கவில்லை, வீடு இருக்கும் ஊரைக் கேட்கிறது. பெங்களூரில் வேலை, ஓசூரில் வீடு என்றாலும் 40தான். அந்த ஆண்டு பெங்களூரிலேயே வீடு இருந்தாலும் 40தான். தாம்பரத்தில் வீடு எடுத்த எங்கள் ஆபீஸ்காரர் ஒருவர் மெட்ரோ என்று டிக் செய்தார். தாம்பரம் தனி மாநகராட்சி, விதியில் இருக்கும் பெயர் சென்னை என்று சொல்லி எங்கள் கணக்குப் பிரிவு அதை மாற்றிவிட்டது. என் சம்பளத்துக்கு அப்படி ஆகியிருந்தால் 18,000 என்பது 16,000 ஆகியிருக்கும். வீடு பார்க்கும்போது இதை யாரும் யோசிப்பதில்லை, யோசிக்கவும் தேவையில்லை. ஆனால் படிவத்தில் உள்ளபடி எழுத வேண்டும்.

அதிகம் அலைய வைத்தது பான்தான். ஆண்டு வாடகை ஒரு லட்சத்துக்கு மேல் போனால் ஓனரின் பான் கட்டாயம் என்பது எல்லாருக்கும் தெரியும். கோவை வீட்டுக்கு அந்த ஆண்டு கொடுத்தது 72,000தானே, அந்த வரிக்குப் பான் வேண்டாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த ஆண்டு ஆபீஸுக்குக் கொடுத்த 12பிபி படிவத்தில் இருந்த வாசகம், அந்த ஆண்டில் கொடுத்த மொத்த வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் என்பது. மொத்தம் என்றால் ஊழியர் கொடுத்த மொத்தம். என் மொத்தம் 1,82,000. ஆகவே இரண்டு ஓனரின் பானும் வேண்டும். எங்கள் மென்பொருளும் கோவை வாடகைக்கான வரியில் பான் கட்டத்தைச் சிவப்பாகக் காட்டி நின்றுவிட்டது.

கோவை வீட்டின் ஓனர் ஒரு அம்மா. ஒப்பந்தத்தில் கையெழுத்து அவருடையது; மாத வாடகையை அவர் கணவரின் எண்ணுக்கு அனுப்புவேன். ஐயாவின் பானை ஏற்கெனவே ஒரு தடவை வாங்கி வைத்திருந்தேன், ஆனால் இங்கே அது உதவாது. ஒப்பந்தத்தில் யார் ஓனரோ அவர் பெயரும் அவர் பானும்தான் வரியில் வரவேண்டும். பெயர் ஒன்று, பான் இன்னொருவருடையது என்றால் திரும்பி வரும். அம்மாவுக்கு ஃபோன் செய்தேன்.

"வீட்டைக் காலி பண்ணிப் போனப்புறம் பான் எதுக்குங்க தம்பி? எனக்கு நோட்டீஸ் கீட்டீஸ் வந்துருமோ?" என்று பயந்தார்.

அவர் பயம் நியாயமானது. நான் பானைக் கொடுத்தால் அவர் பெயரில் வாடகை வருமானம் இருப்பது துறைக்குத் தெரியத்தான் போகிறது. அதை மறைத்துப் பேசி பான் வாங்க எனக்கு மனமில்லை. "அம்மா, இந்த வாடகை உங்க கணக்குல வரவேண்டியதுதாங்க. ஆனா முழுசும் வருமானமா எடுக்க மாட்டாங்க. வீட்டு வரி கட்டுனதைக் கழிச்சுட்டு, மீதியில 30 சதவீதம் பராமரிப்புக்குன்னு சட்டமே கழிச்சுக் கொடுக்குது. உங்களுக்கு வேற வருமானம் இருக்குங்களா?" என்றேன். பேங்க் வட்டி கொஞ்சம் வரும், வேறு இல்லை என்றார். 72,000-இல் 30 சதவீதம் போனாலே 50,400தான் மிச்சம். எனக்குப் பிறகு வந்தவரின் வாடகையைச் சேர்த்தாலும் வரி கட்டும் அளவை எட்டாது. அவர் மகனிடம் கேட்டுக்கொண்டு மறுநாள் பான் கார்டின் படத்தை அனுப்பினார். முன்பே ஒப்பந்தம் போடும் நாளில் பானைக் கேட்டு ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது எவ்வளவோ மேல். வேளச்சேரி ஒப்பந்தத்தில் அப்படித்தான் செய்தேன், ஒரு பேச்சும் எழவில்லை.

பானே இல்லாத ஓனர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் "எனக்குப் பான் இல்லை" என்று பெயர், விலாசத்தோடு எழுதிக் கையெழுத்து வாங்கி ஏற்றலாம். பான் இருந்தும் கொடுக்க மறுக்கிறவருக்கு இது பொருந்தாது. எண்ணைத் தட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தனிநபர் பானில் நான்காவது எழுத்து P ஆக இருக்கும். அந்த இடத்தில் H இருந்தால் அது இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பான், C இருந்தால் கம்பெனியின் பான். ஓனர் பெயரை அதற்கேற்ப எழுத வேண்டும். பூஜ்யத்தையும் O எழுத்தையும் மாற்றித் தட்டுவது நிறைய நடக்கிறது. முதல் ஐந்தும் கடைசியும்தான் எழுத்து, நடுவில் இருக்கும் நான்கும் எண் என்று நினைவிருந்தால் குழப்பம் வராது.

அடுத்தது ரசீது. நம் ஊரில் வீடு காலி செய்யும்போது கடைசி இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்வது வழக்கம். எனக்கும் ஆகஸ்ட், செப்டம்பர் வாடகை அப்படித்தான் கழிந்தது. பேங்க் ஸ்டேட்மென்டில் ஜூலையோடு வாடகை நின்றுவிட்டது. கணக்குப் பிரிவில் இருந்த மேடம் சரியாகவே கேட்டார்: "சார், நாலு மாசம்தான் பணம் போயிருக்கு, ஆறு மாசம் கிளெய்ம் பண்ணியிருக்கீங்களே?" வாடகை கொடுக்கப்படாமல் இல்லை; முன்பே கொடுத்த பணத்திலிருந்து கொடுக்கப்பட்டிருக்கிறது. அதைச் சொல்லும் தாள்தான் வேண்டும். ஓனர் அம்மாவிடம், "2024 ஆகஸ்ட், செப்டம்பர் மாத வாடகை 24,000 ரூபாயை அட்வான்ஸ் தொகையில் வரவு வைத்துக்கொண்டேன்; மீதி அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்" என்று ரசீது வாங்கி ஏற்றினேன். மீதி அட்வான்ஸ் என் கணக்குக்கு வந்த நாளின் பேங்க் ஸ்டேட்மென்டையும் சேர்த்தேன். ஏற்றுக்கொண்டார்கள். காலி செய்யும் அன்றே, சாவி கொடுக்கும்போதே இந்த ரசீதை வாங்கிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து ஊர்விட்டு ஊர் கேட்டு வாங்குவது சிரமம்.

வேளச்சேரியில் கொடுத்த புது அட்வான்ஸ் வாடகை அல்ல, அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. கரண்ட் பில்லும் சேராது. அங்கே மெயின்டனன்ஸ் 1,500 தனியாக அசோசியேஷனுக்குப் போகிறது. அதையும் சேர்க்காமல் 22,000 என்று மட்டும் எழுதினேன். ரெவென்யூ ஸ்டாம்பு பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். ரொக்கமாக 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் ரசீதுக்கு ஒரு ரூபாய் ஸ்டாம்பு வேண்டும். வாடகை மாதம் 50,000-க்கு மேல் இருந்தால் குடியிருப்பவரே டிடிஎஸ் பிடித்துக் கட்டவேண்டும், அது வேறு கதை.

சேமிப்பு ஆதாரங்களில் இவ்வளவு பாடு இல்லை. ஆனால் சரிபார்க்கிறவர் மூன்றைத்தான் பார்க்கிறார்: யார் பெயர், எந்தத் தேதி, உண்மையில் கட்டிய தொகை எவ்வளவு. தேதி 1 ஏப்ரல் முதல் 31 மார்ச் வரைக்குள் இருக்கவேண்டும். எல்ஐசியில் ஒவ்வொரு தவணை ரசீதாகத் தேடுவதைவிட, நிதியாண்டுக்கான பிரீமியம் செலுத்திய சான்றிதழை ஒரே தாளாக எடுத்து ஏற்றுவது நல்லது. வரிச் சேமிப்புக்கான இஎல்எஸ்எஸ் மியூச்சுவல் ஃபண்டுக்கும் நிதியாண்டு ஸ்டேட்மென்ட் கிடைக்கும். முதலீட்டின் இன்றைய மதிப்பைக் காட்டும் பக்கத்தை ஏற்றினால் செல்லாது, கட்டிய தொகையைக் காட்டும் பக்கம் வேண்டும். எனக்கு பிஎஃப் 57,600, எல்ஐசி 36,000, இஎல்எஸ்எஸ் மாதம் 5,000 வீதம் 60,000. கூட்டினால் 1,53,600. 80சி வரம்பு 1,50,000தான். பிஎஃப் தொகை சம்பளத்திலேயே பிடிப்பதால் படிவத்தில் தானாக வந்திருக்கும், திரும்ப எழுதக்கூடாது. பிப்ரவரி, மார்ச் இஎல்எஸ்எஸ் தவணைகள் ஜனவரியில் இன்னும் போயிருக்காது. எங்கள் ஆபீஸில் அவற்றுக்கு உறுதிமொழி எழுதித் தரச் சொன்னார்கள். சில கம்பெனிகள் கட்டிய தொகைக்கு மட்டும்தான் விலக்கு தரும். அப்படியானால் மீதியை ரிட்டர்ன் தாக்கலில் கேட்டுக்கொள்ளலாம்.

80டியில் என் குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு 26,400 கட்டியிருந்தேன், வரம்பு 25,000. அப்பா அம்மா காப்பீட்டுக்கு 32,000. அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டதால் அங்கே 50,000 வரை இடம் உண்டு, 32,000 முழுவதும் கழிந்தது. பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் கழிவு கிடையாது. மாமனார் மாமியாருக்குக் கட்டும் பிரீமியம் என் கணக்கில் வராது. அதை என் மனைவி தன் பணத்தில் கட்டினால் அவர் கணக்கில் கேட்கலாம்.

இப்போது வரியைக் கூட்டிப் பார்ப்போம். 10,20,000-இல் சம்பளக்காரர் எல்லாருக்கும் உள்ள நிலைக் கழிவு 50,000, ஹெச்ஆர்ஏ 1,38,000, 80சி 1,50,000, 80டி 57,000 போக மீதி 6,25,000. பழைய முறையில் வரி செஸ்ஸோடு 39,000. அந்த ஆண்டுப் புதிய முறையில் 75,000 நிலைக் கழிவு மட்டும் போக 9,45,000-க்கு வரி 46,280. பழைய முறையில் எனக்கு 7,280 ரூபாய் மிச்சம். ஓனர் அம்மாவின் பான் கிடைக்காமல் கோவை வாடகை நிராகரிக்கப்பட்டிருந்தால் 48,000-க்கு 20 சதவீதமும் செஸ்ஸும் சேர்ந்து 9,984 ரூபாய் கூடி, பழைய முறை வரி 48,984 ஆகியிருக்கும். புதிய முறையைவிட அதிகம். ஏப்ரலில் செய்த தேர்வே தலைகீழாகப் போயிருக்கும், ஒரு பான் எண்ணால்.

அப்படி நிராகரிக்கப்பட்டவர்களுக்கும் வழி உண்டு. ஆபீஸில் விட்டுப்போன ஹெச்ஆர்ஏ, 80சி, 80டி எல்லாவற்றையும் ஜூலை கெடு உள்ள ரிட்டர்னில் கேட்கலாம், கூடப் பிடித்த வரி ரீஃபண்டாக வரும். தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் ரிட்டர்னில் முறையையும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பழைய முறை வேண்டுமென்றால் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தே ஆகவேண்டும். தாமதமானால் புதிய முறைதான்.

பிப்ரவரி சம்பள ரசீதில் டிடிஎஸ் திடீரென்று ஏறியிருந்தால் நீங்கள் படிவத்தில் எழுதிய ஏதோ ஒரு தொகை நிராகரிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். உடனே கேளுங்கள், மார்ச் சம்பளத்துக்குள் திருத்த நேரம் இருக்கும். அந்த ஆண்டின் ஃபார்ம் 16 வந்ததும் அதன் பாகம் பி-யில் ஹெச்ஆர்ஏ விலக்கைக் காட்டும் 10(13ஏ) என்ற இடத்தைப் பார்த்தேன். எனக்கு அங்கே 1,38,000 இருந்தது. 2025-இல் ரிட்டர்ன் போடும்போது வேலை செய்த இடம், வாங்கிய ஹெச்ஆர்ஏ, கொடுத்த வாடகை, பேசிக், காப்பீட்டுப் பாலிசி எண் என்று எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேட்டார்கள். ஜனவரியில் ஏற்றிய கோப்புகள் ஒரே ஃபோல்டரில் இருந்ததால் பார்த்துப் பார்த்து நிரப்பினேன்.

2025-26-க்கு நான் புதிய முறைக்கு மாறிவிட்டேன். அந்த ஆண்டு முதல் புதிய முறையில், நிலைக் கழிவு போக 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரித் தள்ளுபடி இருப்பதால் என் சம்பளத்துக்கு வரியே வரவில்லை, படிவத்தில் வாடகையை எழுதவும் தேவைப்படவில்லை. சம்பளம் அதற்கு மேலே, வாடகை அதிகம், வீட்டுக் கடன் வட்டியும் உண்டு என்பவர்கள் மட்டும் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஏப்ரலில் தேர்ந்தெடுங்கள். வேளச்சேரி ரசீதுகளை நான் இன்னும் மாதாமாதம் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.